டிடிஎஸ் பிடித்த பணம் திரும்ப வருமா? தாள்களை ஒத்துப் பார்க்கும் முறை

சம்பளத்திலும் வங்கி வட்டியிலும் டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்துவிட்டார்கள். அதில் ஏதாவது திரும்ப வருமா என்று தெரிய வேண்டும். பெரும்பாலானோர் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, கீழே இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து, "இவ்வளவு வரும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகை ரீஃபண்ட் இல்லை. உங்கள் பெயரில் அரசிடம் போய்ச் சேர்ந்த வரி எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. நீங்கள் கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்பது அதில் இல்லை. சம்பளச் சான்றும் வட்டிச் சான்றும் இருந்தால்தான் அதைக் கணக்கிட முடியும். போய்ச் சேர்ந்த வரியிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழித்து மிச்சம் இருந்தால் அது ரீஃபண்ட். மிச்சம் மைனஸில் வந்தால் நீங்கள்தான் இன்னும் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்து முழுக்கப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய். 2025 டிசம்பர் கடைசியில் வேலையை விட்டுவிட்டார், மார்ச் வரை வேறு வேலைக்குப் போகவில்லை. ஒரு வங்கியில் வைப்பு நிதி, அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு, இன்னொரு வங்கியில் சிறிய வைப்பு நிதி ஒன்று. வரி புதிய முறையில். நிதியாண்டு 2025-26; அதற்குரிய மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இந்த ஒரு வருட வித்தியாசத்தில் தவறி, 2025-26 என்று தேர்ந்தெடுத்து முந்தைய வருடத்தின் 26ஏஎஸ்-ஐப் பார்த்துக்கொண்டு "என் டிடிஎஸ் எதுவுமே ஏறவில்லை" என்று பதறுவது அடிக்கடி நடக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2025-26 வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

நிறுவனம் ஏன் அவரிடம் வரி பிடித்தது? ஏப்ரலில் சம்பளக் கணக்குப் போடும்போது அவர் வருடம் முழுக்க வேலை பார்ப்பார் என்றே எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 14,40,000. நிலையான கழிவு 75,000 போக 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், 12 முதல் 16 வரை 15 சதவீதம். கூட்டினால் 84,750, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 88,140. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம் இப்படிப் பிடித்தார்கள். ராஜினாமா செய்த பிறகு கடைசிக் கணக்கு முடிக்கையில் திரும்பக் கணக்கிட்டு, டிசம்பருக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே அரசுக்குக் கட்டிவிட்டதை நிறுவனம் கையில் எடுத்துத் தர முடியாது. அதை ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். எட்டு மாதத்துக்கு 58,760 ரூபாய்.

இப்போது தாள்களைச் சேர்ப்போம். நிறுவனத்திடமிருந்து சம்பளச் சான்றான படிவம் 16, வங்கியிடமிருந்து வட்டியில் பிடித்த வரிக்கான படிவம் 16ஏ, இரண்டு வங்கிகளின் வட்டிச் சான்று, வரித் தளத்திலிருந்து 26ஏஎஸ். கூடவே ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான சம்பளச் சீட்டுகள். கடைசியாகச் சொன்னதைப் பலர் எடுத்து வைப்பதில்லை. சிக்கல் வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

26ஏஎஸ் எடுக்க வருமான வரித் தளத்தில் நுழைந்து `e-File` → `Income Tax Returns` → `View Form 26AS` என்று போனால் டிரேசஸ் தளம் திறக்கும். அங்கே மதிப்பீட்டு ஆண்டு 2026-27 தேர்ந்தெடுத்து, `HTML` என்று பார்த்தால் திரையிலேயே வரும். இதை ஏப்ரலில் செய்து பிரயோசனம் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு வரி பிடித்தவர்கள் தங்கள் அறிக்கையைத் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் கடைசிக் காலாண்டின் பதிவுகள் 26ஏஎஸ்-இல் ஏறும். படிவம் 16-உம் கடைசிக் காலாண்டின் 16ஏ-வும் ஜூன் 15-க்குள் வரவேண்டியவை. ஆகவே ஜூன் மூன்றாவது வாரத்தில் உட்கார்ந்தால் ஒரே தடவையில் வேலை முடியும்.

முதலில் சம்பளப் பக்கம். 26ஏஎஸ்-இல் ஒவ்வொரு நிறுவனமும், வரி பிடிப்பவருக்கான அடையாள எண்ணான டேன் எண்ணோடு ஒரு தொகுதியாக வரும். தொகுதிக்குள் மாதவாரிப் பதிவுகள். பிரிவு 192 என்றால் சம்பளம், 194ஏ என்றால் வட்டி. ஒவ்வொரு பதிவிலும் மூன்று தொகைகள் இருக்கும்: கொடுத்த தொகை, பிடித்த வரி, அரசுக்குக் கட்டிய வரி. நடுவில் `Status of Booking` என்ற கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து. எல்லோரும் தொகையைப் பார்க்கிறார்கள், இந்த எழுத்தைப் பார்ப்பதில்லை. `F` என்றால் பணம் வந்து சேர்ந்து, பதிவோடு ஒத்துப்போய்விட்டது. `U` என்றால் ஒத்துப்போகவில்லை: நிறுவனம் பணத்தைக் கட்டவே இல்லை, அல்லது கட்டியது, ஆனால் அறிக்கையில் சலான் விவரத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறது. `U` என்று இருக்கும்வரை அந்த வரி உங்கள் வரவில் சேராது.

நம் ஆளின் 26ஏஎஸ்-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு பதிவுகளும் 7,345 என்று, பக்கத்தில் `F` என்று இருக்கின்றன. நவம்பர் பதிவு மட்டும் `U`. ஆக, ஒத்துப்போனது 51,415 மட்டுமே. சம்பளச் சீட்டுகளில் பிடித்தது 58,760. வித்தியாசம் 7,345, அதாவது சரியாக ஒரு மாதப் பிடித்தம். வித்தியாசம் ஒரு மாதத் தொகைக்கோ ஒரு காலாண்டுத் தொகைக்கோ சரியாகச் சமமாக இருந்தால் கோளாறு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை, அந்த மாதத்தின் சலான்தான்.

படிவம் 16-இன் முதல் பகுதியும் இதையே வேறு விதமாகக் காட்டும். அந்தப் பகுதியை நிறுவனம் தானாகத் தட்டச்சு செய்து தர முடியாது. டிரேசஸ் தளத்திலிருந்துதான் இறக்கித் தர வேண்டும். காலாண்டு வாரியாகப் பிடித்த வரி ஒரு பத்தியிலும், கட்டிய வரி அடுத்த பத்தியிலும் இருக்கும். மூன்றாம் காலாண்டில் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பகுதியே இல்லாமல், நிறுவனத்தின் முத்திரை வைத்து இரண்டாம் பகுதியை மட்டும் ஒருவர் கொடுத்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். வரி பிடித்து அறிக்கை தாக்கல் செய்த நிறுவனத்துக்கு முதல் பகுதியை இறக்குவது ஐந்து நிமிட வேலை.

நவம்பர் பதிவைச் சரிசெய்ய வருமான வரி அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். அதைச் சரிசெய்யக்கூடியவர் நிறுவனத்தின் கணக்காளர் மட்டுமே. "நவம்பர் மாதப் பிடித்தம் 7,345, மூன்றாம் காலாண்டு, 26ஏஎஸ்-இல் `U` என்று காட்டுகிறது, சலான் எண்ணையும் தேதியையும் சரிபார்த்துத் திருத்த அறிக்கை தாக்கல் செய்யுங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதினால் போதும். "என் டிடிஎஸ் வரவில்லை" என்று மொட்டையாக எழுதினால் பதில் வர ஒரு மாதம் ஆகும், வருகிற பதிலும் "நாங்கள் கட்டிவிட்டோம்" என்றுதான் இருக்கும். அவர்கள் உண்மையிலேயே கட்டியிருப்பார்கள். சலான் வரிசை எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருக்கும். திருத்த அறிக்கை ஏற்கப்பட்டதும் அந்த எழுத்து `F` ஆக மாறிவிடும்.

பதிவு `U` என்றுகூட இல்லாமல், அடியோடு காணவில்லை என்றால் காரணம் வேறு. நிறுவனம் பதிந்த பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பாக இருந்து, வரி வேறொருவர் கணக்கில் போயிருக்கலாம். அல்லது அந்தக் காலாண்டின் அறிக்கையே தாக்கலாகாமல் இருக்கலாம். எல்லா மாதமும் இல்லையென்றால் பெரும்பாலும் பான் கோளாறு, ஒரு காலாண்டு மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் அறிக்கைக் கோளாறு.

இன்னொன்று. சம்பள வருமானத்தை 26ஏஎஸ்-இலிருந்து எடுக்கக் கூடாது. டிசம்பரில் வரி பிடிக்காததால் அந்த மாதப் பதிவு 26ஏஎஸ்-இல் வராமல், கொடுத்த தொகை 9,60,000 என்று நிற்க வாய்ப்பு உண்டு. உண்மையான சம்பளம் 10,80,000. அது படிவம் 16-இன் இரண்டாம் பகுதியில் இருக்கும். வருமானத்துக்குச் சான்று, வரிக்கு 26ஏஎஸ் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அடுத்து வட்டி. இங்கேதான் தொகைகள் ஒத்துப்போகாமல் இருப்பதே சரியாக இருக்கும் இடங்கள் உண்டு.

முதல் வங்கியின் வட்டிச் சான்றில் மொத்த வட்டி 66,150, பிடித்த வரி 6,400. 26ஏஎஸ்-இல் அதே வங்கியின் பெயரில் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16,000 வட்டிக்கு 1,600 வரி. ஆக 64,000-க்கு 6,400. வரி ஒத்துப்போகிறது, வட்டி 2,150 குறைகிறது. இது பிழை இல்லை. அந்த 2,150 சேமிப்புக் கணக்கின் வட்டி. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி வரி பிடிப்பதில்லை, அதனால் டிடிஎஸ் பதிவிலும் வராது. ஆனால் அது வருமானம். புதிய முறையில் சேமிப்பு வட்டிக்கான 10,000 ரூபாய் கழிவும் கிடையாது. முழுதாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் வங்கியில் வட்டி 18,000. 26ஏஎஸ்-இல் அந்த வங்கியின் பெயரே இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 தாண்டினால்தான் வரி பிடிப்பார்கள். மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு ஒரு லட்சம். ஒவ்வொரு வங்கியும் தன் கணக்கை மட்டும் பார்க்கும். வரி பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. வரித் தளத்திலுள்ள ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் இந்த 18,000-உம் சேமிப்பு வட்டியும் இருக்க வாய்ப்பு அதிகம், எனவே மறைத்தாலும் தெரிந்துவிடும். ஒரே வட்டி ஏஐஎஸ்-இல் இரண்டு தலைப்பில், ஒரு தடவை டிடிஎஸ் பதிவாகவும் இன்னொரு தடவை வங்கி கொடுத்த தகவலாகவும் வரும். அவற்றைக் கூட்டிவிடாதீர்கள். வங்கியின் சான்றில் உள்ள தொகைதான் அளவுகோல்.

பாஸ் புத்தகத்தை வைத்து வட்டியை எழுதுவது இன்னொரு பொறி. காலாண்டு தோறும் கணக்கில் விழுந்தது 14,400. நான்கையும் கூட்டினால் 57,600. அது வரி போக வந்த தொகை. பிடித்த 6,400-உம் உங்கள் வருமானம்தான் என்று சட்டம் சொல்கிறது. 64,000 என்று முழு வட்டியைக் காட்டினால்தான் 6,400-ஐ வரவாகக் கேட்க முடியும். கூட்டு வட்டி வைப்பில் முதிர்வு வரை கையில் ஒரு பைசாகூட வராது. ஆனாலும் வங்கி வருடா வருடம் சேர்ந்த வட்டிக்கு வரி பிடித்துக்கொண்டே இருக்கும். முதிர்வு வருடத்தில் மொத்தமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தந்த வருட டிடிஎஸ் தனியாக நிற்கும், வருமானம் வேறொரு வருடத்தில் நிற்கும், இரண்டும் ஒட்டாது. வங்கி எந்த வருடம் காட்டுகிறதோ அந்த வருடமே நீங்களும் காட்டுவதுதான் தொல்லையில்லாத வழி.

வங்கிக்குப் பான் எண் கொடுக்காமல் இருந்தால் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள், அது 26ஏஎஸ்-இலும் வராது. கூட்டுக் கணக்கில் முதல் பெயர் யாருடையதோ அவர் பானில்தான் ஏறும்.

இப்போது கணக்கு. சம்பளம் 10,80,000-இல் நிலையான கழிவு 75,000 போக 10,05,000. அதோடு வட்டிகள்.

```
சம்பளம் (கழிவு போக)   10,05,000
வைப்பு வட்டி             64,000
சேமிப்பு வட்டி            2,150
இரண்டாம் வங்கி           18,000
மொத்த வருமானம்       10,89,150
```

இந்த வருமானத்துக்கு வரி 20,000 + 28,915 = 48,915. ஆனால் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடி 60,000 வரை கிடைக்கும். 48,915 முழுக்கத் தள்ளுபடியாகி, கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்தது சம்பளத்தில் 58,760, வட்டியில் 6,400. ஆக ரீஃபண்ட் 65,160 ரூபாய். பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விழும் வருமானம் இருந்தால் இந்தத் தள்ளுபடி அதற்குப் பொருந்தாது. அந்தக் கணக்கு வேறு.

நவம்பர் பதிவு இன்னும் `U` ஆகவே இருந்தால்? ஜூலை 31 வரை பொறுத்துப் பார்க்கலாம். நாள் நெருங்கிவிட்டால் ரிட்டர்னில் 58,760-ஐயே எழுதுவது நியாயம், ஏனென்றால் அது உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பணம், சம்பளச் சீட்டு சாட்சி. ஆனால் பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க அலுவலகம் தன் பதிவில் உள்ளதை மட்டும்தான் ஏற்கும். ரிட்டர்னைப் பார்த்து முடித்து அந்த அலுவலகம் அனுப்பும் 143(1) அறிவிப்பு வரும்போது ரீஃபண்ட் 57,815 என்று குறைந்து வரலாம். நிறுவனம் பிறகு திருத்தி, எழுத்து `F` ஆனதும், 154-ஆம் பிரிவின் கீழ் தளத்திலேயே திருத்த விண்ணப்பம் போட்டு மீதி 7,345-ஐக் கேட்கலாம். முதல் தடவையே 51,415 என்று எழுதிவிட்டால் இப்படிக் கேட்க முடியாமல் சுற்றி வளைக்க வேண்டியிருக்கும்.

ரிட்டர்னில் டிடிஎஸ் அட்டவணை ஏற்கெனவே நிரப்பப்பட்டு வரும். நிரம்பியிருக்கிறதே என்று விட்டுவிடாமல் டேன் வாரியாக உங்கள் தாளோடு ஒத்துப் பாருங்கள். வருமானம் ஓர் இடத்திலும் அதற்கான டிடிஎஸ் இன்னோர் இடத்திலும் தவறிப்போவது இங்கேதான். இந்த வட்டியையும் அதற்கான டிடிஎஸ்-ஐயும் வருட நடுவில் நிறுவனத்திடமே படிவம் 12பிஏஏ மூலம் தெரிவித்திருந்தால், படிவம் 16-இன் இரண்டாம் பகுதியில் அந்த வட்டி சேர்ந்தே இருக்கும். தெரியாமல் வங்கிச் சான்றிலிருந்து மறுபடி சேர்த்தால் 64,000 இரண்டு தடவை ஏறிவிடும். ரீஃபண்ட் விழ வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வேறு வழியிலோ சரிபார்ப்பு முடிய வேண்டும். கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் வட்டியும் சேர்ந்து வரும். அந்த வட்டிக்கும் அடுத்த கணக்கில் வரி உண்டு!

இதே ஆள் ஜனவரியில் வேறொரு நிறுவனத்தில் அதே 1,20,000 சம்பளத்தில் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முந்தைய சம்பளத்தை அவர் படிவம் 12பி மூலம் சொல்லவில்லை. புது நிறுவனத்துக்குத் தெரிந்தது மூன்று மாதச் சம்பளம் 3,60,000 மட்டும். 4 லட்சத்துக்குள் இருப்பதால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. பழைய நிறுவனமும் 75,000 கழித்திருக்கிறது, புதியதும் 75,000 கழித்திருக்கிறது. இரண்டு படிவம் 16-ஐயும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் வரி பூஜ்யம். 26ஏஎஸ்-இல் அதே 65,160 பளிச்சென்று நிற்கிறது.

உண்மைக் கணக்கில் நிலையான கழிவு ஒரு தடவைதான். 14,40,000-இல் 75,000 போக 13,65,000, மூன்று வட்டியும் 84,150, மொத்தம் 14,49,150. பன்னிரண்டு லட்சம் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. வரியும் செஸ்ஸும் 1,01,267. பிடித்திருப்பது 65,160. ரீஃபண்ட் இல்லை, இன்னும் 36,107-ஐ முழு பத்தாக்கி 36,110 கட்ட வேண்டும். பாக்கி பத்தாயிரத்தைத் தாண்டியதால் முன்வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டியும் அதன்மேல் ஏறும்.